−26-க்குப் பிறகு −25 ஆ, −27 ஆ? கால்குலேட்டர் இல்லாமல் பத்தின் அடுக்குகளைப் பெருக்குவது பற்றி

ஒளித்துகள் | மார்ச் 3, இரவு 9.40

கால்குலேட்டர் அனுமதி இல்லாத நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறேன். 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியில் ஒரு ஃபோட்டானுக்கு எவ்வளவு ஆற்றல் என்பது கேள்வி. பிளாங்க் மாறிலியை ஒளியின் வேகத்தால் பெருக்கி, அலைநீளத்தால் வகுக்க வேண்டும். பெருக்கலிலேயே மாட்டிக்கொண்டேன்.

6.626 × 10⁻³⁴ × 3.00 × 10⁸

முன்னால் இருக்கும் எண்களைப் பெருக்கினால் 19.878 வருகிறது. அடுக்குகளைக் கூட்டினால் −34 + 8 = −26. இதுவரை சந்தேகமில்லை. 19.878 என்பதை 1.988 ஆக்க வேண்டும். புள்ளி ஓர் இடம் நகர்ந்தது, அடுக்கும் ஒன்று மாற வேண்டும். ஆகவே 1.988 × 10⁻²⁷ என்று எழுதினேன். விடைப் பக்கத்தில் 10⁻²⁵ என்று இருக்கிறது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன், மூன்று முறையும் −27 தான். தவறு யாருடையது?

மாறன் | மார்ச் 3, இரவு 9.58

புத்தகத்தில் அச்சுப்பிழை. புள்ளியை இடப்பக்கம் நகர்த்தினால் அடுக்கில் ஒன்று கூட்ட வேண்டும், வலப்பக்கம் நகர்த்தினால் ஒன்று கழிக்க வேண்டும். இது நேர் அடுக்குக்கு உரிய விதி. எதிர் அடுக்கு வந்தால் விதி தலைகீழாகும். உங்களுக்கு எதிர் அடுக்கு, புள்ளி இடப்பக்கம் போயிருக்கிறது, எனவே −27. நான் பல ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறேன்.

தென்றல் | மார்ச் 3, இரவு 10.20

அதற்கும் முன்பே ஒரு தவறு இருக்கிறது. −34, 8 என்று இரண்டு வெவ்வேறு அடுக்குகளை வைத்துக்கொண்டு எப்படிப் பெருக்க முடியும்? முதலில் இரண்டையும் ஒரே அடுக்குக்குக் கொண்டுவர வேண்டும். 3.00 × 10⁸ என்பதை 10⁻³⁴ என்ற அடுக்கில் எழுதினால் முன்னால் 42 சுழியங்கள் வருகின்றன. எழுதிப் பார்த்தேன், தாளின் ஓரம் வரை போய்விட்டது. இதை யாராவது மனத்தில் செய்கிறார்களா என்ன?

பழைய_அளவுகோல் | மார்ச் 4, காலை 6.15

தென்றல், நீங்கள் சொல்வது கூட்டலுக்கு உரியது. 3 × 10⁸ உடன் 2 × 10⁷ ஐக் கூட்ட வேண்டுமானால் அடுக்குகள் சமமாக வேண்டும். பெருக்கலுக்கு அந்தத் தேவை இல்லை. முன் எண்கள் தமக்குள் பெருகும், பத்துகள் தமக்குள் பெருகும், இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. அந்த 42 சுழியங்களையும் அழித்துவிடுங்கள்.

மாறன், உங்கள் விதியின் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. எதிர் அடுக்குக்கென்று தனி விதி கிடையாது. எண்ணின் மதிப்பு மாறக்கூடாது, அவ்வளவுதான்.

ஒளித்துகள், நீங்கள் 19.878 ஐ 1.9878 ஆக்கியபோது உண்மையில் என்ன செய்தீர்கள்? பத்தால் வகுத்தீர்கள். வெளியே எடுத்த அந்தப் பத்தை எங்கே வைத்தீர்கள்? அதைக் கண்ணுக்குத் தெரியும்படி எழுதிவிடுங்கள்.

19.878 × 10⁻²⁶ = 1.9878 × 10¹ × 10⁻²⁶

இப்போது 10¹ × 10⁻²⁶ மட்டும் பாருங்கள். 1 + (−26) = −25. புத்தகம் சரி.

−27 என்று எழுதினால் முன் எண்ணையும் பத்தால் வகுத்து, அடுக்கையும் பத்தால் வகுத்துவிடுகிறீர்கள். ஆகவே பிழை பத்து மடங்கு அல்ல, நூறு மடங்கு. உங்கள் விடைக்கும் புத்தக விடைக்கும் நடுவே இரண்டு அடுக்கு வித்தியாசம் இருப்பதைக் கவனித்தீர்களா? வேறொரு கணக்கிலும் இப்படிச் சரியாக இரண்டு அடுக்கு தள்ளி வந்தால், இதே இடத்தில்தான் வழுக்கியிருக்கிறீர்கள் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

ஒளித்துகள் | மார்ச் 4, காலை 7.02

10¹ ஐத் தனியாக எழுதியவுடன் தெளிந்துவிட்டது. ஆனால் மூன்று முறையும் ஒரே தவறை ஏன் செய்தேன் என்று யோசித்துக்கொண்டே பல் துலக்கினேன். காரணம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். முன் எண் குறைகிறது, ஆகவே அடுக்கு கூட வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. ஆனால் "கூட வேண்டும்" என்று நினைத்தபோது என் கண் பார்த்தது 26 என்ற எண்ணை. 26 ஐவிடப் பெரியது 27. முன்னால் நின்ற கழித்தல் குறியை அடையாளமாக மட்டும் பார்த்தேன், எண்ணின் பகுதியாகப் பார்க்கவில்லை.

ஒளித்துகள் | மார்ச் 4, காலை 7.10

அப்படியானால் நேர் அடுக்குக் கணக்குகளில் எனக்கு இந்தப் பிழை வந்திருக்கவே கூடாது. மாலையில் பழைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறேன்.

மாறன் | மார்ச் 4, மதியம் 1.30

பத்தைத் தனியாக எழுதிப் பார்த்தேன். −25 தான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் "தலைகீழாகும்" என்பது எனக்கு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும், நானாக உண்டாக்கியது அல்ல. 0.00042 என்பதை 4.2 × 10⁻⁴ என்று எழுதும்போது புள்ளி வலப்பக்கம் நான்கு இடம் போகிறது. 4.2 × 10⁻⁴ ஐ விரித்து எழுதும்போது அதே புள்ளி இடப்பக்கம் நான்கு இடம் போகிறது. ஒரே −4, இரண்டு எதிர்த் திசைகள். இதைத்தான் பள்ளியில் "தலைகீழ்" என்று மனத்தில் போட்டுவைத்திருக்க வேண்டும். பிறகு அது எதிர் அடுக்குக்கான விதி என்று மாறிவிட்டது.

பழைய_அளவுகோல் | மார்ச் 4, மாலை 5.45

சரியாகப் பிடித்தீர்கள். சுருக்குவதும் விரிப்பதும் எதிரெதிர் வேலைகள், அதனால் திசை மாறுகிறது. அடுக்கு நேரா எதிரா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. 42000 ஐ எழுதிப் பார்த்தாலும் இதே திசைமாற்றம் வரும்.

இடம், வலம் என்று நினைவு வைப்பதையே நான் விட்டுவிட்டேன். அதற்குப் பதில் ஒன்று சொல்கிறேன், கையால் கணக்குப் போட்ட காலம் முழுவதும் எனக்கு இது துணையாக இருந்தது. முன் எண் எப்போதும் 1 முதல் 10-க்குள், 10 ஐத் தொடாமல் இருக்கும். அப்படிப்பட்ட இரண்டைப் பெருக்கினால் விடை 1-க்கும் 100-க்கும் நடுவில் விழும். 10-க்குக் கீழே விழுந்தால் அடுக்குகளின் கூட்டல் அப்படியே நிற்கும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒன்று கூடும். மூன்றாவது வாய்ப்பே இல்லை. இரண்டு எண்களைப் பெருக்கும்போது அடுக்கு ஒன்று குறைவது நடக்காது.

உங்கள் கணக்கில் கூட்டல் −26. ஆகவே விடையின் அடுக்கு −26 அல்லது −25. −27 என்பது பட்டியலிலேயே இல்லை. 6.626 × 3.00 என்ன என்று பார்ப்பதற்கு முன்பே அதைத் தள்ளியிருக்கலாம்.

ஒளித்துகள் | மார்ச் 4, இரவு 8.50

இந்த "பட்டியலிலேயே இல்லை" என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிட்டேன்.

நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய கதை. அடுக்குப் பிழை இருந்த கணக்குகள் மொத்தம் 11. அவற்றில் 8-இல் எதிர் அடுக்கு, எல்லாமே சரியாக இரண்டு அடுக்கு தள்ளி. நேர் அடுக்கில் இரண்டே பிழைகள்தான், அவற்றில் முன் எண்ணைச் சரிசெய்துவிட்டு அடுக்கைத் தொட மறந்திருக்கிறேன், ஓர் அடுக்குதான் வித்தியாசம். ஒரு கணக்கில் மட்டும் ஐந்து அடுக்கு தள்ளி இருக்கிறது, அது எப்படி வந்தது என்று இன்னும் தெரியவில்லை.

வகுப்பறை | மார்ச் 5, காலை 8.05

இருபது ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். அந்த 8 பிழைகளுக்கும் காரணம் அவசரத்தில் இரண்டு வேலைகளை ஒரே வரியில் செய்வது. என் மாணவர்கள் ஒவ்வொரு படியிலும் முன் எண்ணைச் சரிசெய்து, முழு வரியாக எழுதிவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். மதிப்பெண்ணும் அதற்குத்தான்.

பழைய_அளவுகோல் | மார்ச் 5, காலை 9.30

இதில் நான் மாறுபடுகிறேன். சரிசெய்யும் ஒவ்வொரு முறையும் வழுக்குவதற்கு ஒரு வாய்ப்பு. நான்கு எண்களைப் பெருக்கும்போது மூன்று முறை சரிசெய்வதைவிட, 19.878 × 10⁻²⁶ என்று அழகில்லாமல் அப்படியே விட்டுவைத்து, கடைசியில் ஒரே ஒரு முறை சரிசெய்வது பாதுகாப்பானது. இடைப்படியில் முன் எண் 19 ஆக இருந்தால் கணக்கு ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

ஒளித்துகள் | மார்ச் 5, இரவு 9.15

இரண்டு வழியிலும் மீதிக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 532 நானோமீட்டர் என்பது 5.32 × 10⁻⁷ மீட்டர்.

வகுப்பறை சொன்ன வழி:
1.988 × 10⁻²⁵ ÷ 5.32 × 10⁻⁷
முன் எண்கள்: 1.988 ÷ 5.32 = 0.3737
அடுக்கு: −25 − (−7) = −18
0.3737 × 10⁻¹⁸. முன் எண் ஒன்றுக்குக் கீழே போய்விட்டது. அதைப் பத்தால் பெருக்க வேண்டும், பத்தை அடுக்கிலிருந்து எடுக்க வேண்டும். −18 − 1 = −19. விடை 3.74 × 10⁻¹⁹ ஜூல்.

ஐயா சொன்ன வழி:
19.88 × 10⁻²⁶ ÷ 5.32 × 10⁻⁷
முன் எண்கள்: 19.88 ÷ 5.32 = 3.737
அடுக்கு: −26 + 7 = −19. விடை நேராக 3.74 × 10⁻¹⁹ ஜூல்.

முதல் வழியில் ஒரு முறை அடுக்கை ஏற்றி, மறுபடி இறக்கினேன். இரண்டாவது வழியில் சரிசெய்யவே தேவைப்படவில்லை. என் ஓட்டு இரண்டாவதற்கு.

வகுத்தலுக்கும் ஒரு பட்டியல் இருக்கும் போலிருக்கிறது. 1 முதல் 10-க்குள் இருக்கும் ஒன்றை அதே வகை எண்ணால் வகுத்தால் விடை 0.1-க்கு மேல், 10-க்குக் கீழ். ஆகவே அடுக்குகளின் வித்தியாசம் அப்படியே நிற்கும், அல்லது ஒன்று குறையும். ஒருபோதும் கூடாது. பெருக்கலின் கண்ணாடி பிம்பம்.

வகுப்பறை | மார்ச் 5, இரவு 9.40

ஒரு கணக்கில் தேவைப்படவில்லை என்பது எல்லாக் கணக்குக்கும் ஆகாது. 19.88 என்று விட்டுவைத்துவிட்டு, அதையும் 1 முதல் 10-க்குள் இருப்பதாக நினைத்து உங்கள் பட்டியலைப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? இரண்டு முன் எண்களும் ஒழுங்காக இருந்தால்தான் பட்டியல் செல்லும்.

ஒளித்துகள் | மார்ச் 5, இரவு 9.52

அது உண்மை. இதை யோசிக்கவில்லை. பட்டியலை நம்ப வேண்டுமானால் சரிசெய்திருக்க வேண்டும், சரிசெய்யாமல் போனால் பட்டியல் இல்லை.

பழைய_அளவுகோல் | மார்ச் 6, காலை 6.20

வகுப்பறை சொன்னதில் நியாயம் இருக்கிறது. எனக்கு அந்தக் குழப்பம் வராததற்கு ஒரு காரணம் உண்டு, சற்று விலகிப் போகிறேன்.

நான் வேலையில் சேர்ந்தபோது மேசையில் ஸ்லைடு ரூல்தான் இருந்தது. ஒரு சட்டத்துக்குள் இன்னொரு சட்டம் நழுவும், இரண்டிலும் 1 முதல் 10 வரை மடக்கை அளவில் கோடுகள். 6.626 × 3.00 ஐ அதில் பெருக்கினால் 1, 9, 9 என்ற இலக்கங்கள் கிடைக்கும், அவ்வளவுதான். விடை 1.99 ஆ, 19.9 ஆ, 10⁻²⁵ ஆ என்பது அதற்குத் தெரியாது. புள்ளியும் அடுக்கும் நம் பொறுப்பு. அதனால் ஒவ்வொரு கணக்கிலும் தாளின் ஓரத்தில் அடுக்குகளை மட்டும் தனியாகக் கூட்டிக்கொண்டே வருவோம்.

இதில் அழகான ஒன்று. உள் சட்டத்தின் இடது முனையை முதல் எண்ணின்மேல் வைத்து, இரண்டாவது எண்ணுக்கு நேரே விடையைப் படிக்க வேண்டும். 2 × 3 என்றால் 6 கிடைத்துவிடும். 6.6 × 3 என்றால் 3 என்ற கோடு வெளிச் சட்டத்தைத் தாண்டி அந்தரத்தில் நிற்கும், அங்கே படிக்க எதுவும் இருக்காது. அப்போது உள் சட்டத்தை இழுத்து, அதன் வலது முனையை 6.6-இன் மேல் வைக்க வேண்டும். சட்டம் எப்போது வெளியே ஓடுகிறது? முன் எண்களின் பெருக்கல் 10 ஐத் தாண்டும்போது. ஆகவே வலது முனைக்கு மாறினால் ஓரத்தில் ஒரு "+1" போட வேண்டும். அந்த "+1" எனக்குக் கையின் அசைவாகவே பதிந்துவிட்டது. கழித்தல் ஒன்று போடும்படி பெருக்கலில் கை ஒருநாளும் அசைந்ததில்லை.

ஆகவே என் யோசனையைத் திருத்திக்கொள்கிறேன். முன் எண்களை அழகில்லாமல் விடுவதைவிட நல்லது, முன் எண்களை ஒரு வரிசையிலும் அடுக்குகளை இன்னொரு வரிசையிலும் தனித்தனியாக எழுதுவது. முன் எண் எப்போது 10 ஐத் தாண்டினாலும் உடனே பத்தால் வகுத்து, அடுக்கு வரிசையில் "+1" என்று ஓர் உறுப்பைச் சேர்த்துவிடுங்கள். வகுத்தலில் ஒன்றுக்குக் கீழே போனால் "−1". கடைசியில் அந்த வரிசையை ஒரே மூச்சில் கூட்டினால் போதும். உங்கள் கணக்கின் அடுக்கு வரிசை இப்படி இருக்கும்:

−34, +8, +1, +7, −1

கூட்டினால் −19. வகுப்பறைக்கு வேண்டிய ஒழுங்கும் இருக்கிறது, 26 ஐ 27 ஆக்கும் சபலமும் இல்லை, ஏனென்றால் இடையில் 26 என்ற எண்ணே தாளில் வரவில்லை.

தென்றல் | மார்ச் 6, காலை 10.10

இதைப் படித்த பிறகுதான் பெருக்கலில் அடுக்கைச் சமமாக்கத் தேவையில்லை என்பது எனக்கு முழுவதும் புரிந்தது. இரண்டு வரிசைகளும் சந்திக்கவே இல்லை. முன் எண் 10 ஐத் தாண்டும்போது மட்டும் ஒரு துண்டுச் சீட்டு அந்தப் பக்கம் போகிறது.

நுண்ணுயிரி | மார்ச் 6, இரவு 7.25

ஆய்வகத்தில் பாக்டீரியா எண்ணிக்கை எடுப்பவள் நான். எங்களுக்கு அடுக்கு தவறுவது வேறு இடத்தில், சொல்லிவைக்கிறேன்.

மாதிரியில் 1 மில்லிலிட்டர் எடுத்து 9 மில்லிலிட்டர் நீர்த்தல் கரைசலில் கலந்தால் பத்தில் ஒரு பங்காக நீர்க்கும். இதையே ஆறு முறை தொடர்ந்து செய்தால் 10⁻⁶. அதிலிருந்து 0.1 மில்லிலிட்டரை ஊடகத் தட்டில் பரப்புகிறோம். மறுநாள் தட்டில் 42 கூட்டங்கள் வளர்ந்திருக்கின்றன. மூல மாதிரியின் ஒரு மில்லிலிட்டரில் எத்தனை?

சேர்ந்த புதிதில் 42 ஐ 10⁻⁶ ஆல் வகுத்து 4.2 × 10⁷ என்று எழுதினேன். அடுக்குக் கூட்டலில் பிழையே இல்லை. ஆனால் 0.1 மில்லிலிட்டரை விட்டுவிட்டேன். சரியானது 42 ÷ (10⁻⁶ × 10⁻¹) = 42 × 10⁷ = 4.2 × 10⁸. என் தட்டுகள் எல்லாமே ஒன்றோடொன்று ஒத்துப்போயின, ஏனென்றால் எல்லாவற்றிலும் அதே பத்தை விட்டிருந்தேன். அதே மாதிரியை இன்னொருவர் எண்ணியபோதுதான் பத்து மடங்கு வித்தியாசம் தெரிந்தது.

0.1 என்பது பார்ப்பதற்கு அடுக்கு உள்ள எண்ணாகத் தெரிவதில்லை, அதனால் அடுக்கு வரிசைக்குள் வராமல் நழுவிவிடுகிறது. அன்றிலிருந்து 0.1 என்று எழுதுவதே இல்லை, 10⁻¹ என்றுதான் எழுதுகிறேன்.

ஒளித்துகள் | மார்ச் 6, இரவு 8.40

நுண்ணுயிரி அம்மா, ஐந்து அடுக்கு தள்ளியிருந்த என் மர்மக் கணக்கு உங்களால் திறந்துகொண்டது. அதில் 0.00002 என்று ஓர் எண் இருக்கிறது. அதை 2 என்று முன் எண் வரிசையில் சேர்த்திருக்கிறேன், −5 ஐ எங்கும் சேர்க்கவில்லை.

ஒளித்துகள் | மார்ச் 7, மாலை 6.30

புதிய குழப்பம். ஒளியின் வேகத்தை 3.00 என்று வைக்காமல் 2.998 என்று வைத்து மனத்திலேயே பெருக்கினேன். 6.626 × 3 = 19.878. அதிலிருந்து 6.626 × 0.002, அதாவது 0.013 ஐக் கழித்தால் 19.865. ஆக 1.986 × 10⁻²⁵. பெருமையாக இருந்தது. வீட்டில் இருந்த கணினியில் சரிபார்த்தேன்:

```
6.626*10e-34*2.998e8
```

திரையில் 10⁻²⁴ வருகிறது. மறுபடியும் ஓர் அடுக்கு. இந்த முறை எங்கே தவறினேன் என்று ஓர் மணி நேரம் தேடினேன், கிடைக்கவில்லை.

மாறன் | மார்ச் 7, மாலை 6.42

உங்கள் கை சரி, தட்டச்சுதான் தவறு. இது எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். அந்த e என்ற எழுத்துக்குள்ளேயே பத்து இருக்கிறது. 10e-34 என்றால் 10 × 10⁻³⁴, அதாவது 10⁻³³. பத்தை இரண்டு முறை கொடுத்துவிட்டீர்கள். இப்படித் தட்டுங்கள்:

```
6.626e-34*2.998e8
```

ஒளித்துகள் | மார்ச் 7, மாலை 6.50

1.986e-25. ஒரு மணி நேரம் என் சரியான விடையைச் சந்தேகித்துக்கொண்டிருந்திருக்கிறேன்! ஆனாலும் ஒன்று கேட்கிறேன். தேர்வு அறையில் கணினியும் இல்லை, விடைப் பக்கமும் இல்லை. 3.7 × 10⁻¹⁹ சரியா, 3.7 × 10⁻²¹ சரியா என்று அங்கே எப்படித் தெரிந்துகொள்வது? பட்டியல் இருக்கிறது, சரி. பட்டியலையே தவறாகப் பயன்படுத்தியிருந்தால்?

பழைய_அளவுகோல் | மார்ச் 8, காலை 6.40

அதற்கு எண்ணை விட்டுப் பொருளைப் பார்க்க வேண்டும். அந்தத் துறையில் இரண்டு மூன்று எண்களை ஊன்றுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அறை வெப்பநிலையில் ஒரு மூலக்கூறின் வெப்ப அலைச்சலுக்கு உரிய ஆற்றல், போல்ட்ஸ்மன் மாறிலி பெருக்கல் வெப்பநிலை. 1.38 × 10⁻²³ × 3.00 × 10². முன் எண்கள் 4.14, பத்தைத் தாண்டவில்லை. அடுக்கு −23 + 2 = −21. ஆக 4.14 × 10⁻²¹ ஜூல்.

உங்கள் முதல் தவறு நீடித்திருந்தால் பச்சை ஃபோட்டானின் ஆற்றல் 3.7 × 10⁻²¹ ஆகியிருக்கும். அதாவது வெறும் அறைச் சூடு கொடுக்கும் அளவுதான் பச்சை ஒளியும் கொடுக்கிறது என்று பொருள். அப்படி இருந்தால் விழித்திரையில் ஒளியை உணரும் மூலக்கூறுகளை உடலின் சூடே ஓயாமல் தூண்டிக்கொண்டிருக்கும், இருட்டறையிலும் நமக்கு இருட்டு தெரியாது. உண்மையில் ஒரு பச்சை ஃபோட்டான் அந்த அலைச்சலைப்போல் சுமார் 90 மடங்கு. அதனால்தான் ஒளி வந்ததா இல்லையா என்பதைக் கண்ணால் பிரித்தறிய முடிகிறது. நூறு மடங்குப் பிழை தாளில் ஒரு சிறிய இலக்கம், இங்கே அது பார்வைக்கும் பார்வையின்மைக்கும் உள்ள தூரம்.

ஒளித்துகள் | மார்ச் 8, காலை 7.15

இதை இரண்டு முறை படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு இருட்டு தெரிகிறதா என்று பார்த்தேன்.

அடுத்த கேள்வியையும் போட்டுவிட்டேன். 1 மில்லிவாட் பச்சை லேசரிலிருந்து விநாடிக்கு எத்தனை ஃபோட்டான்கள்? 1.986 ஐ வைத்துத் திருத்திய ஆற்றல் 3.73 × 10⁻¹⁹. எனவே 1 × 10⁻³ ÷ 3.73 × 10⁻¹⁹. முன் எண் 0.268, ஒன்றுக்குக் கீழே. அதை 2.68 ஆக்கி வரிசையில் −1 சேர்த்தேன். அடுக்கு வரிசை: −3, +19, −1. கூட்டினால் 15. விநாடிக்கு 2.68 × 10¹⁵. விரல் நுனியளவுக் கருவி! ஊன்றுகோல் எதுவும் என்னிடம் இல்லாத எண் இது, பெருக்கித் திருப்பிப் பார்த்துத்தான் நம்பினேன்: 2.68 × 3.73 கிட்டத்தட்ட 10, அதாவது 1, ஒரு "+1". 15 − 19 + 1 = −3.

ஒளித்துகள் | மார்ச் 9, இரவு 10.05

ஒரு புதுவகைச் சிக்கல். 9.6 × 10⁻⁸ × 1.04 × 10³. முன் எண்கள் 9.984. பத்தைத் தாண்டவில்லை, ஆகவே அடுக்கு −5. ஆனால் 9.6-இல் இரண்டு இலக்கங்கள்தான் இருப்பதால் விடையையும் இரண்டு இலக்கத்துக்கு முழுமையாக்கச் சொல்கிறார்கள். 9.984 ஐ முழுமையாக்கினால் 10. இப்போது தாண்டிவிட்டது. "+1" போட வேண்டுமா?

வகுப்பறை | மார்ச் 9, இரவு 10.20

போட வேண்டும். 1.0 × 10⁻⁴. முழுமையாக்கிய பிறகு ஒரு முறை முன் எண்ணைப் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் சொல்வது இதற்காகத்தான்.

பழைய_அளவுகோல் | மார்ச் 10, காலை 6.10

அடுக்கு சரி. ஆனால் 1.0 என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. 9.6 என்றால் 9.55 முதல் 9.65 வரை, அதாவது சுமார் அரை சதவீதம் ஐயம். 1.0 என்றால் 0.95 முதல் 1.05 வரை, ஐந்து சதவீதம் ஐயம். கையில் இருந்த தகவலில் பெரும்பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள். நான் 9.98 × 10⁻⁵ என்று எழுதுவேன், அல்லது 1.00 × 10⁻⁴.

வகுப்பறை | மார்ச் 10, காலை 7.50

தேர்வில் இரண்டு இலக்கம் என்றால் இரண்டு இலக்கம்தான். உங்கள் 1.00-க்கு நான் மதிப்பெண் தர முடியாது.

பழைய_அளவுகோல் | மார்ச் 10, காலை 8.15

தர வேண்டாம். அளவீட்டு அறையில் இருந்தவரை 1.0 என்று என்னால் எழுத முடிந்ததில்லை.

நுண்ணுயிரி | மார்ச் 10, இரவு 7.10

எங்கள் அறிக்கையில் இரண்டு இலக்கம்தான். ஆனால் தட்டில் 99 கூட்டங்கள் இருந்து, விடை 9.9 என்று வரும் நாளில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. 101 கூட்டங்கள் வந்து 1.0 என்று எழுதும் நாளில்தான் ஏதோ தொலைந்ததுபோல் இருக்கும். ஏன் என்று இன்றுதான் தெரிந்தது.

ஒளித்துகள் | மார்ச் 10, இரவு 9.30

தேர்வுத் தாளில் 1.0 × 10⁻⁴ என்று எழுதுவேன். என் நோட்டில் பக்கத்திலேயே 9.98 × 10⁻⁵ என்றும் எழுதிவைத்திருக்கிறேன். மூன்று எண்களைப் பெருக்கினால் பட்டியலில் எத்தனை வாய்ப்புகள் என்று யாராவது போட்டுப் பார்த்தீர்களா? எனக்கு 0, +1, +2 என்று வருகிறது. +2 எவ்வளவு அடிக்கடி வரும் என்று நாளை நோட்டில் இருப்பவற்றை எண்ணிப் பார்க்கப் போகிறேன்.